முகத்தில் கஸ்டர்டு, கல்லாவில் காற்று

அமெரிக்காவில் டபிள்யூ.டி. கிராண்ட் என்று ஒரு கடை இருந்தது. ஒரு கடை என்று சொல்வது அவர்களைக் குறைத்துப் பேசுவதாகும். உச்சத்தில் ஆயிரத்து நூறுக்கும் மேல் கிளைகள். 1906-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் என்ற ஊரில் வில்லியம் தாமஸ் கிராண்ட் தொடங்கியபோது, எதை எடுத்தாலும் 25 சென்ட்டுக்குள் என்பதுதான் வியாபாரத் தந்திரம். வுல்வொர்த், கிரெஸ்கி மாதிரியான பெரிய கைகள் 5 சென்ட், 10 சென்ட் சாமான்களில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கிராண்ட் கொஞ்சம் மேலே ஏறி நின்று, கொஞ்சம் நல்ல சாமான், காசு எண்ணிக் கையில் வாங்கு, அடுத்த ஆள் வா என்று நடத்தினார். இந்தப் புத்திசாலித்தனத்தில் புரியாதது எதுவும் இல்லை. புரியாதது எதுவும் இல்லாததால்தான் அது அறுபது வருடம் ஓடியது.

கிராண்ட் ஐயா 1972 ஆகஸ்டில் தமது 96-வது வயதில் காலமானார். வியாபார உலகில் இதைவிட நல்ல நேரம் பார்த்து யாரும் கண்ணை மூடியதில்லை. அந்த நிதியாண்டு 1973 ஜனவரி 31-ல் முடிந்தபோது, அவர் பெயர் தாங்கிய கம்பெனி சுமார் 164 கோடி டாலருக்கு விற்பனையும், சுமார் 3 கோடியே 80 லட்சம் டாலர் நிகர லாபமும் காட்டியது. பங்குச் சந்தை அதன் பங்கை லாபத்தைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தது. பங்குதாரருக்கு டிவிடெண்டு தவறவில்லை. வங்கிக்காரர்கள் எழுந்து நின்று கை குலுக்கினார்கள். இரண்டே முக்கால் வருடத்தில், 1975 அக்டோபர் 2-ம் தேதி, அதே கம்பெனி மஞ்சள் கடுதாசி கொடுத்தது. அதுவரை அமெரிக்கச் சில்லறை வியாபாரம் பார்த்த திவால்களிலேயே பெரியது அது.

எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: லாபத்தில் ஓடிய கம்பெனியில் பணம் எங்கே போனது?

இன்றைக்கு இந்தக் கேள்வி வாட்ஸ்அப்பில் வருகிறது. ஆடிட்டர் அனுப்பிய கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்டை முதலாளி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பி, கீழே ஒரு வரி போடுவார்: "லாபம் இவ்வளவுன்னு போட்டிருக்கு, பேங்க்ல பார்த்தா ஒண்ணுமில்லையே, அக்கவுண்டன்ட் ஏதாவது விளையாடுறானா?" பாவம் அந்த அக்கவுண்டன்ட். பதில் அதே ஸ்கிரீன்ஷாட்டில், முதலாளி பார்த்த முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும். நடுவில் இருப்பதை யாரும் படிப்பதில்லை.

1973-ல் ஸ்கிரீனும் கிடையாது, ஷாட்டும் கிடையாது. கிராண்ட் கம்பெனியின் ஆண்டறிக்கையில் இன்று நாம் பார்க்கும் வடிவில் கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்டும் கிடையாது. அதுவே பெரிய கதை, பிறகு வருகிறேன். ஆனால் இரண்டு வருட ஐந்தொகையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்தால் நாமே ஒன்று தயாரித்துவிடலாம். சில்லறை வரிகளை விட்டுவிட்டு, பெரிய புள்ளிகளை மட்டும் தோராயமாக எடுத்தால், 1973 ஜனவரியில் முடிந்த வருடத்துக்கு அது இப்படி இருக்கும். எல்லாம் கோடி டாலரில்.

```
நிகர லாபம்                            3.8
தேய்மானம் (திரும்பக் கூட்டியது)         1.0
வாடிக்கையாளர் பாக்கி கூடியது         - 6.6
சரக்கு இருப்பு கூடியது              - 10.1
-------------------------------------------
வியாபாரத்திலிருந்து வந்த பணம்        - 11.9

கட்டடம், சாதனங்கள் வாங்கியது          - 2.6
டிவிடெண்டு கொடுத்தது                 - 2.1
குறுகிய காலக் கடன் கூடியது            15.2

ஆரம்ப ரொக்கம்                         5.0
இறுதி ரொக்கம்                         3.1
```

விட்டுப்போன சின்ன வரிகளையும் சேர்த்தால் புள்ளி அங்கே இங்கே கொஞ்சம் நகரும். வியாபாரத்திலிருந்து வந்த பணம் பத்து கோடிக்கு மேல் மைனஸ் என்பது மட்டும் நகராது. மேலே 3.8 கோடி லாபம், கீழே 3.1 கோடி ரொக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் ஏதோ சுமாராகப் பொருந்துகிற மாதிரிகூடத் தெரியும். நடுவில்தான் கூத்து.

முதலில் தேய்மானத்தை முடித்துவிடுவோம். "தேய்மானத்தைக் கூட்டியிருக்கிறார்களே, அப்படியானால் அதிலிருந்து பணம் வந்ததா?" என்று ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் கேட்பார். வரவில்லை ஐயா. தேய்மானத்தால் ஒரு பைசா வந்ததாகச் சரித்திரமே இல்லை. லாபம் கணக்கிடும்போது அதைச் செலவு என்று கழித்திருந்தார்கள். அதற்காக அந்த வருடம் யாருக்கும் காசு போகவில்லை. அதனால் கழித்ததைத் திரும்பக் கூட்டுகிறார்கள். தப்பாகப் போட்ட கோட்டை அழிப்பது மாதிரியான வேலை, அவ்வளவே.

அடுத்து, பெரிய மைனஸான சரக்கு. பத்து கோடியே பத்து லட்சம் டாலர். ஒரு வருடத்தில் கிடங்கிலும் அலமாரியிலும் கூடுதலாகப் போய் உட்கார்ந்த சாமான் இது. கம்பெனியின் நிகர லாபத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஏன் இவ்வளவு? அங்கேதான் கிராண்ட் கம்பெனியின் அடையாளக் குழப்பம் வருகிறது. பழைய போட்டியாளர் கிரெஸ்கி 1962-ல் கேமார்ட் என்ற பெயரில் தள்ளுபடிக் கடைகளைத் திறந்து பின்னிக்கொண்டிருந்தது. மறுபக்கம் சியர்ஸ், ஜே.சி. பென்னி என்று பெரிய கடைகள் சோபாவும் ஃபிரிட்ஜும் விற்றுக் கௌரவமாக இருந்தன. கிராண்ட் கம்பெனி இருவரையும் பார்த்தது, இருவராகவும் ஆக ஆசைப்பட்டது. உள்பாவாடை விற்ற கடையில் "பிராட்ஃபர்டு" என்ற சொந்தப் பெயரில் டிவி, சலவை இயந்திரம், மேசை நாற்காலி எல்லாம் வந்து இறங்கின. நிறுவனர் பிறந்த மாவட்டத்தின் பெயர் அது. ஊர்ப்பாசம் நல்ல விஷயம். ஆனால் டிவி வாங்க வந்தவர் அந்த ஊரில் பிறந்தவர் இல்லை, அவருக்குத் தெரிந்த பிராண்டு வேறு.

கடைகளோ மூச்சு விடாமல் திறக்கப்பட்டன. ஒவ்வொரு புதுக் கடைக்கும் ஒரு கிடங்கு நிறையச் சரக்கு வேண்டும். இதில் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அந்த வருடம் விற்பனை ஏறத்தாழ 20 சதவீதம் கூடியது. சரக்கு இருப்போ 34 சதவீதம் கூடியது. விற்பனை நடந்து போகிறது, சரக்கு ஓடிப் போகிறது. கடையில் இருப்பதை விற்கத் தெரியாமல், இன்னும் வாங்கிப் போட்டால் விற்றுவிடும் என்று நம்புகிறவர்களின் ஐந்தொகையில் இந்த அறிகுறி கட்டாயம் இருக்கும்.

இதில் லாபக் கணக்கு எப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தது? வாங்கிய சாமான் விற்கும்வரை அது செலவே இல்லை, அது சொத்து. டிவி தயாரித்தவருக்குக் காசோலை போய்விட்டது, டிவி கிடங்கில் தூசி வாங்குகிறது, லாப நஷ்டக் கணக்குக்கு அந்த டிவி பிறக்கவே இல்லை. விற்கிற அன்றுதான் அதன் அடக்கவிலை செலவாகும். அதுவரை போன பணத்தைப் பற்றி லாப நஷ்டக் கணக்கு வாயே திறக்காது. கேஷ் ஃப்ளோ ஸ்டேட்மென்டில் மட்டும் "சரக்கு இருப்பு கூடியது" என்று ஒரு மைனஸ் நிற்கும். மைனஸைப் பார்த்ததும் முதலாளி, சரக்கு கூடினால் நல்லதுதானே, ஏன் மைனஸ் என்று கேட்பார். கூடியது சரக்கு, குறைந்தது காசு.

இனி வாடிக்கையாளர் பாக்கி. இந்த வரியைக் கொஞ்சம் ரசித்துப் படிக்க வேண்டும்.

நம்மூர்ப் பெட்டிக்கடையில் "இன்று ரொக்கம் நாளை கடன்" என்று ஒரு பலகை தொங்கும். கிராண்ட் கம்பெனியின் தத்துவம் அதற்கு நேர் எதிர்: இன்று கடன், நாளையும் கடன், மூன்று வருடம் கழித்துப் பார்க்கலாம். 36 மாதத் தவணை. குறைந்தபட்சத் தவணை மாதம் ஒரு டாலர் வரை இறங்கும். வாடிக்கையாளர் பணம் கட்டக்கூடியவரா என்று முடிவு செய்வது தலைமையகத்தில் கண்ணாடி போட்ட ஆள் இல்லை. அந்தந்தக் கடையே முடிவு செய்துகொள்ளும். கடைக்கோ விற்பனை இலக்கு உண்டு, கடன் கணக்குத் திறப்பதற்கும் இலக்கு உண்டு. விண்ணப்பம் வாங்கித் தருகிற ஊழியருக்கு ஊக்கத்தொகை உண்டு. அந்த வாடிக்கையாளர் பிறகு கட்டினாரா என்பதற்கு மட்டும் இலக்கும் இல்லை, தொகையும் இல்லை. யாருக்கு எதில் காசு தருகிறோமோ அதைத்தான் அவர் செய்வார். அவர்கள் செய்தார்கள்.

போதாததற்கு, நிர்வாகம் ஒரு விளையாட்டு கண்டுபிடித்தது. பெயர் "ஸ்டேக் அண்டு பீன்ஸ்". கடன் இலக்கை எட்டிய மேனேஜர்களுக்கு விருந்தில் மாட்டிறைச்சி; எட்டாதவர்களுக்கு அவித்த பீன்ஸ். பீன்ஸோடு விட்டிருந்தால் ஏதோ உடம்புக்கு நல்லது என்று போயிருக்கலாம். இலக்கைத் தவறவிட்டவர்கள் முகத்தில் கஸ்டர்டு பணியாரத்தை அப்பினார்கள். கழுத்து டையைப் பாதியில் வெட்டினார்கள். மூக்கால் வேர்க்கடலையை உருட்டச் சொன்னார்கள். இது வெறும் வதந்தி இல்லை. திவாலுக்குப் பின் நடந்த விசாரணையில் வெளிவந்த விவரம். குடும்பஸ்தர்கள், வருமான வரி கட்டுகிறவர்கள், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு மண்டியிட்டு வேர்க்கடலை உருட்டினார்கள். இரண்டாவது தடவை உருட்ட யாருக்கு மனம் வரும்? அடுத்த மாதம் கடை வாசலில் தடுக்கி விழுந்தவருக்குக்கூடக் கடன் கணக்குத் திறந்து கொடுத்திருப்பார்கள்.

இந்தக் கடன் எப்படி லாபமாகவும் அதே சமயம் பணமில்லாமலும் ஆகிறது என்பதை ஒரு டிவியை வைத்துப் பார்த்துவிடலாம். எண்கள் என்னுடைய கற்பனை, முறை அவர்களுடையது. டிவியின் அடக்கம் 200 டாலர், விற்பனை விலை 300. தயாரித்தவருக்கு உடனே 200 கொடுத்தாக வேண்டும். வாங்கியவர் மூன்று வருடத்தில், வருடத்துக்கு 100 வீதம் கட்டுவார். வட்டியை இப்போதைக்கு மறந்துவிடுவோம்.

வருடத்தின் தொடக்கத்தில் ஒரு டிவி விற்கிறோம். விற்ற அன்றே லாபம் 100 டாலர் எழுதியாகிவிட்டது. பணமோ, போனது 200, வந்தது 100. ஆக 100 குறைவு. வருடத்துக்கு ஒரே ஒரு டிவி என்று அடக்கமாக விற்றால், இரண்டாம் வருடம் புதியவரிடம் 100, பழையவரிடம் 100 வந்து வரவும் செலவும் சமம். மூன்றாம் வருடத்திலிருந்து வருடத்துக்கு 100 கையில் நிற்கும். பொறுமையுள்ளவனுக்குப் பணம் வரும்.

ஆனால் கம்பெனி வளர வேண்டுமே! வருடா வருடம் இரட்டிப்பாக்குவோம். முதல் வருடம் ஒரு டிவி: லாபம் 100, பணம் 100 குறைவு. இரண்டாம் வருடம் இரண்டு டிவி: லாபம் 200, போனது 400, புது ஆட்களிடம் 200, பழைய ஆளிடம் 100, மறுபடி 100 குறைவு. மூன்றாம் வருடம் நான்கு டிவி: லாபம் 400, போனது 800, வந்தது 400, 200, 100, மறுபடி 100 குறைவு. நான்காம் வருடம் எட்டு டிவி: லாபம் 800, முதல் ஆள் கட்டி முடித்துவிட்டார், போனது 1,600, வந்தது 1,400, இப்போது 200 குறைவு. லாபம் எட்டு மடங்கு, பள்ளம் இரண்டு மடங்கு. இதில் ஒருவர்கூட ஏமாற்றவில்லை, ஒருவர்கூடத் தவணை தவறவில்லை, கணக்காளர் ஒரு பொய்யும் எழுதவில்லை. எல்லோரும் யோக்கியமாக இருந்தே கல்லா காலி. இனி, கஸ்டர்டுக்குப் பயந்து கொடுத்த கடனில் சிலர் வீடு மாறிப் போய்விட்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1973 ஜனவரியில் வாடிக்கையாளரிடம் நின்ற பாக்கி சுமார் 54 கோடி டாலர். அந்த வருட மொத்த விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு. ரொக்கத்துக்கு விற்ற சோப்பு, சீப்பு எல்லாம் அந்த மொத்தத்தில் அடக்கம் என்பதால், கடனுக்கு விற்றதை மட்டும் எடுத்தால் நிலைமை இன்னும் அழகு. கம்பெனியின் சொத்து அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களின் ஹாலில் உட்கார்ந்து டிவி காட்டிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு துணைக்கதை. பங்குதாரர்களிடம் கம்பெனி, விற்ற அன்றே முழு லாபமும் வந்துவிட்டது என்றது. வருமான வரித் துறையிடம், தவணை விற்பனைக்குச் சட்டம் தந்த சலுகையைப் பிடித்துக்கொண்டு, பணம் இன்னும் வரவில்லையே, வரும்போது வரி கட்டுகிறோம் என்றது. இரண்டும் சட்டப்படி சரி. அதனால் ஐந்தொகையில், பிற்பாடு கட்ட வேண்டிய வரி என்று ஒரு வரி வருடா வருடம் நின்றது. படிக்கத் தெரிந்தவருக்கு அந்த ஒரு வரி போதும்: தன் லாபத்தில் எவ்வளவு இன்னும் காசாகவில்லை என்பதைக் கம்பெனியே வரி அதிகாரியிடம் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் அது. இன்றைய ஸ்கிரீன்ஷாட்டிலும் "ஒத்திவைத்த வரி" என்ற வரி வந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். எல்லா இடத்திலும் காரணம் இதுவாக இருக்காது. தவணை வியாபாரமாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்படலாம்.

சரி, பத்து கோடிக்கு மேல் பள்ளம் விழுந்த வருடத்தில் டிவிடெண்டு கொடுக்க இரண்டு கோடி எங்கிருந்து வந்தது? அதற்கு அடுத்த வரியைப் பாருங்கள்: குறுகிய காலக் கடன், 15.2 கோடி. பங்குதாரர் லாபத்தில் பங்கு என்று நினைத்து வாங்கியது, சுற்றி வளைத்துப் பார்த்தால் வங்கிக் கடன். கம்பெனி தொடங்கிய 1906-லிருந்து டிவிடெண்டு விட்டதில்லை என்று ஒரு பெருமை அவர்களுக்கு. கடன் வாங்கிக் கல்யாணம் செய்தவருக்கு ஊர் மெச்சினால் போதும். அதற்காக 1974 ஆகஸ்ட் வரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

இவ்வளவு நடந்தும் வங்கிக்காரர்களுக்குக் கண் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அவர்கள் பார்த்த அறிக்கைதான் வேறு. 1971-ல் அமெரிக்கக் கணக்கியல் கொள்கை வாரியம் தன் 19-வது கருத்துரையில், ஒவ்வொரு கம்பெனியும் நிதிநிலையில் ஏற்பட்ட மாற்றங்களைக் காட்ட ஓர் அறிக்கை வெளியிட வேண்டும் என்றது. நல்ல காரியம். ஆனால் அந்த மாற்றத்தைப் பணமாகவும் அளக்கலாம், நடப்பு மூலதனமாகவும் அளக்கலாம், உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டது. இஷ்டம் என்று சொன்னால் எந்தக் கம்பெனி கஷ்டமானதைத் தேர்ந்தெடுக்கும்? கிராண்ட் உட்படப் பெரும்பாலானவர்கள் நடப்பு மூலதனத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

நடப்பு மூலதனம் என்பது ரொக்கம், சரக்கு, வரவேண்டிய பாக்கி மூன்றையும் கூட்டி, சீக்கிரம் கொடுக்க வேண்டியதைக் கழித்தது. இதன் மகிமையைப் பாருங்கள். ரொக்கத்தைக் கொடுத்து டிவி வாங்கினால் நடப்பு மூலதனம் மாறாது. ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்குப் போகிறது. அந்த டிவியைக் கடனுக்கு விற்றால் நடப்பு மூலதனம் 100 டாலர் கூடிவிடும்! காசாக ஒரு டாலர்கூட உள்ளே வரவில்லை. இருந்த 200-ம் போய்விட்டது. அறிக்கையோ "வியாபாரம் 100 டாலர் தந்தது" என்று குதிக்கும். நம் ஸ்கிரீன்ஷாட்டில் கொலைகாரர்களாக நிற்கும் இரண்டு மைனஸ்களும் அந்த முறையில் கண்ணுக்கே தெரியாது. கூடிய சரக்கும் கூடிய பாக்கியும் அங்கே வெற்றியின் பகுதி. கிராண்டின் "வியாபாரம் தந்த நடப்பு மூலதனம்" லாபம் காட்டியவரை வருடா வருடம் பிளஸ்ஸில் இருந்தது. வியாபாரம் தந்த பணமோ, திவாலுக்கு முந்தைய பத்து வருடங்களில் பெரும்பாலானவற்றில் மைனஸ். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிகள் சொன்னதை அமெரிக்க வாரியம் கருத்துரையாக வெளியிட்டிருந்தால் நிறையப் பேர் பிழைத்திருப்பார்கள்.

1974 ஜனவரியில் லாபம் எண்பத்து நான்கு லட்சம் டாலராக விழுந்தது. அப்போதும் சரக்கும் பாக்கியும் ஆளுக்கு ஐந்து கோடிக்கு மேல் கூடின. அந்த செப்டம்பரில், மார்கன் காரண்டி தலைமையில் 143 வங்கிகள் சேர்ந்து 60 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்தன. 143 பேர் சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்கினால் ஒவ்வொருவரும் மற்ற 142 பேர் கணக்கைப் படித்திருப்பார்கள் என்று நம்புவார்கள். 1975 ஜனவரியில் முடிந்த வருடத்தில் நஷ்டம் 17 கோடியே 70 லட்சம். வராத கடன்களை ஒருவழியாக வராத கடன் என்று ஒப்புக்கொண்டதும், மூட வேண்டிய கடைகளின் கணக்கும் அதில் கணிசமான பங்கு. இத்தனை வருடம் லாபம் என்று எழுதியதில் எவ்வளவு லாபமே இல்லை என்பது அன்றுதான் ஏட்டில் ஏறியது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த எண் ஒன்று உண்டு. கம்பெனியின் இறுதி ரொக்கம் 1973 ஜனவரியில் 3.1 கோடி, 1974-ல் 4.6 கோடி, 1975-ல் ஏறத்தாழ 8 கோடி. சாகப்போகிற வருடத்தில்தான் கையிருப்பு அதிகம்! ஸ்கிரீன்ஷாட்டின் கடைசி வரியை மட்டும் பார்க்கிறவர், பரவாயில்லையே, பணம் ஏறிக்கொண்டுதானே இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அது 143 வங்கிகளின் பணம். கடைசி வரி பணம் இருக்கிறதா என்று சொல்லும். அது யாருடையது என்று சொல்லாது.

1976 பிப்ரவரியில் கடைகளை முழுதாக மூடிச் சொத்தை விற்க உத்தரவாயிற்று. 1980-ல் லார்கே, ஸ்டிக்னி என்ற இரண்டு பேராசிரியர்கள் பழைய அறிக்கைகளை எடுத்து, நாம் மேலே செய்த கழித்தலையே முறையாகச் செய்து, பணப்புழக்கத்தைப் பார்த்திருந்தால் பல வருடம் முன்பே தெரிந்திருக்குமே என்று கட்டுரை எழுதினார்கள். கணக்கியல் வகுப்புகளில் கிராண்ட் அன்றிலிருந்து நிரந்தர விருந்தாளி. 1987 நவம்பரில் அமெரிக்கக் கணக்கியல் தர வாரியம் தன் 95-வது தரத்தில், இனி நடப்பு மூலதன விளையாட்டு வேண்டாம், பணத்தையே காட்டுங்கள் என்று கட்டளையிட்டது. செத்தவருக்கு வைத்தியம் பார்க்க வாரியத்துக்குப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று. வாரியங்களின் வேகத்துக்கு இது சுறுசுறுப்புதான்.

அதனால் அடுத்த முறை யாராவது ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால், முதல் வேலையாக முழுப் பக்கத்தையும் கேளுங்கள். பெரும்பாலும் நடுப்பகுதியை வெட்டித்தான் அனுப்புவார்கள். நிகர லாபத்தையும், "வியாபாரத்திலிருந்து வந்த பணம்" என்ற மொத்தத்தையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டாவது குறைவாக இருந்தால், நடுவில் எந்த மைனஸ் பெரியது என்று பாருங்கள். சரக்கு என்றால், அது கூடிய சதவீதத்தை விற்பனை கூடிய சதவீதத்தோடு ஒப்பிட்டுவிட்டு கிடங்குக்குப் போய், எந்தச் சாமான் ஆறு மாதமாக நகரவில்லை என்று கேளுங்கள். பாக்கி என்றால், யார் எத்தனை நாளாகத் தரவில்லை என்ற வயதுவாரிப் பட்டியலைக் கேளுங்கள். மைனஸ் இருந்தாலே ஆபத்து என்று அலறவும் வேண்டாம். தீபாவளிக்கு முன் ஜவுளிக்கடையில் சரக்கு ஏறாமல் இருந்தால்தான் கவலை. பெரிய ஆர்டர் ஒன்று முடிந்த வருடம் பாக்கி ஏறும், மறுவருடம் இறங்கும். இறங்காமல் மூன்று வருடம் தொடர்ந்து ஏறி, பள்ளத்தை வங்கிக் கடன் நிரப்பி, அதிலிருந்து முதலாளி லாபத்தில் பங்கும் எடுத்தால், அது கிராண்ட் கம்பெனியின் பக்கம். தேதி மட்டும் மாறியிருக்கிறது.

அக்கவுண்டன்டைத் திட்டுவதையும் நிறுத்திவிடலாம். கிராண்டில்கூடக் கணக்கு எழுதியவர் பணத்தை எடுத்துப் போகவில்லை. பணம் எங்கே என்று யாரைக் கேட்க வேண்டுமென்றால், கடன் கொடுக்கச் சொல்லி மேனேஜர்களை விரட்டியவரைத்தான். ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பார்.